12 சதவீதம் மலிவா, 18 சதவீதம் மலிவா? வட்டியையும் மாதத் தவணையையும் நீங்களே கணக்கிட ஒரு தாள்

சிறு தொழில் நடத்தும் ஒருவர் 1,20,000 கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு இடங்களிலிருந்து பதில் வருகிறது. முதலில் கடன் தருபவர் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்கிறார். இரண்டாமவர் 18 சதவீதம் என்கிறார். இரண்டு கடன்களும் 12 மாதத் தவணைகளில் அடைக்க வேண்டியவை. பெரும்பாலானோர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் 12 சதவீதத்தைத் தேர்ந்துவிடுவார்கள். ஆனால் முதலில் கடன் தருபவர் கேட்கும் மாதத் தவணை 11,200. இரண்டாமவர் கேட்பதோ 11,002. அதிக வட்டி சொன்னவரின் தவணை எப்படிக் குறைவாக வந்தது என்பது புரிந்துவிட்டால், கடன் கணக்கில் முக்கால் பங்கு புரிந்துவிட்டது என்று சொல்லலாம். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த இரண்டு கடன்களையே வைத்துக்கொண்டு கணக்குப் போடப் போகிறோம். தொகையை எந்த நாணயத்தில் வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது.

எந்தத் தொகையின் மீது வட்டி?

வட்டி விகிதம் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. அது எந்தத் தொகையின் மீது போடப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

முதலில் கடன் தருபவர் பின்பற்றுவது ஃப்ளாட் வட்டி முறை. இதில், வாங்கிய முழு அசலின் மீதும் கடன் காலம் முழுவதற்கும் தொடக்கத்திலேயே வட்டி கணக்கிடப்பட்டுவிடும். 1,20,000-க்கு ஓராண்டுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி 14,400. அதை அசலோடு கூட்டினால் 1,34,400. 12-ஆல் வகுத்தால் மாதம் 11,200. கணக்கு எளிது, மனத்திலேயே போட்டுவிடலாம். இந்த முறை இன்னும் புழக்கத்தில் இருப்பதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். ஆனால் ஆறு தவணைகள் கட்டி முடித்து, அசலில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பித் தந்துவிட்ட பிறகும், கையில் இல்லாத அந்தப் பாதிக்கும் சேர்த்தே நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டாமவர் பின்பற்றுவது குறைந்துவரும் நிலுவை முறை. இதில் ஒவ்வொரு மாதமும், அந்த மாதத் தொடக்கத்தில் அசலில் எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதற்கு மட்டுமே வட்டி. ஆண்டுக்கு 18 சதவீதம் என்பதை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வருகிறது. முதல் மாதம் முழு 1,20,000-மும் பாக்கி நிற்பதால் வட்டி 1,800. அந்த மாதம் நீங்கள் கட்டும் 11,002-இல் முதலில் இந்த 1,800 வட்டிக்குப் போகிறது. மீதமுள்ள 9,202 அசலைக் குறைக்கிறது. எனவே இரண்டாம் மாதம் 1,10,798 மட்டுமே பாக்கி, அதற்கு 1.5 சதவீத வட்டி 1,662. தவணை மாறாமல் 11,002 ஆகவே இருப்பதால், வட்டியில் குறைந்த 138 அப்படியே அசல் பக்கம் சேர்ந்துகொள்கிறது. இம்முறை 9,340 அசல் குறைகிறது. மாதம் செல்லச் செல்ல வட்டிப் பங்கு இப்படித்தான் தேய்ந்து, அசல் பங்கு வளர்கிறது.

தவணைத் தொகை எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும், பாக்கி நிலுவைக்கு மாதந்தோறும் வட்டியும் ஏற வேண்டும், கடைசித் தவணை கட்டியதும் நிலுவை சரியாகப் பூச்சியத்தில் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் ஒருசேர நிறைவேற்றும் தொகை ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இது. இதில் EMI என்பது மாதத் தவணை, P என்பது அசல், r என்பது மாத வட்டி விகிதம், n என்பது மாதங்களின் எண்ணிக்கை.

```
EMI = P × r × (1+r)^n / ((1+r)^n − 1)
```

பார்வைக்கு மிரட்டினாலும் சாதாரணக் கால்குலேட்டரே இதற்குப் போதும். 1.015-ஐ அதனாலேயே பெருக்கிக்கொண்டே போய் 12 முறை வரச் செய்தால் 1.195618 கிடைக்கும். அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 0.195618. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 6.112. அதை முதல் மாத வட்டியான 1,800-ஆல் பெருக்கினால் 11,001.60, முழு எண்ணாக உயர்த்தினால் 11,002. கடன் தருபவர் சொல்லும் தவணை, அவரே சொல்லும் விகிதத்துக்குப் பொருந்துகிறதா என்பதை இப்படி இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். பொருந்தாமல் கூடுதலாக வந்தால், ஒன்று அது ஃப்ளாட் வட்டி, அல்லது காப்பீட்டுத் தொகை போன்ற ஏதோ ஒன்று அசலோடு கூட்டப்பட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கே தேவை. r என்பது மாத விகிதம். அதுவும் தசம வடிவில் இருக்க வேண்டும். 1.5 சதவீதம் என்பதை 0.015 என்று எழுதாமல் 1.5 என்றோ, மாத விகிதத்துக்குப் பதிலாக ஆண்டு விகிதமான 0.18 என்றோ போட்டுவிட்டால் விடை பல மடங்கு வீங்கிவிடும். தவணை முதல் மாத வட்டியைவிட அதிகமாகவும், அசலை மாதங்களால் வகுத்து அதனுடன் முதல் மாத வட்டியைக் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். நம் கணக்கில் அந்த மேல் எல்லை 10,000 + 1,800 = 11,800. இதைத் தாண்டினால் எங்கோ பிழை இருக்கிறது.

தாளைத் தயாரிப்பது

இனி எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் இவற்றில் எதையாவது திறந்துகொள்ளுங்கள். கீழே உள்ள சூத்திரங்கள் மூன்றிலும் வேலை செய்யும். முதல் நான்கு வரிகளில் A நிரலில் பெயர்களையும் B நிரலில் மதிப்புகளையும் எழுத வேண்டும்: B1-இல் அசல் 120000, B2-இல் ஆண்டு வட்டி 18%, B3-இல் மாதங்கள் 12. B2-இல் சதவீதக் குறியையும் சேர்த்தே தட்டச்சு செய்யுங்கள். வெறும் 18 என்று எழுதினால் அதை 1,800 சதவீதம் என்று தாள் எடுத்துக்கொள்ளும். தவணையை B4 தானே கணக்கிட்டுக்கொள்ளட்டும்:

```
B4:  =ROUNDUP(PMT(B2/12,B3,-B1),0)
```

அசலுக்கு முன் கழித்தல் குறி இருப்பதற்குக் காரணம், தவணையைக் கணக்கிடும் PMT கையில் வரும் பணத்தையும் கையை விட்டுப் போகும் பணத்தையும் எதிரெதிர்க் குறிகளால் வேறுபடுத்திப் பார்க்கிறது என்பதே. குறியை விட்டுவிட்டால் தவணை எதிர்ம எண்ணாக வரும், அவ்வளவுதான். ROUND-க்குப் பதிலாக ROUNDUP போட்டிருப்பதும் காரணத்தோடுதான். தவணையைக் கீழ்ப்பக்கமாக முழுமையாக்கினால் கடைசி மாதம் சில்லறை நிலுவை ஒட்டிக்கொண்டு நிற்கும். மேல்பக்கமாக உயர்த்தினால் கடைசித் தவணை சற்றே குறையும். கணக்கு சுத்தமாக முடியும்.

7-ஆம் வரியில் A முதல் F வரை மாதம், தொடக்க நிலுவை, வட்டி, அசல், தவணை, இறுதி நிலுவை என்று தலைப்பிட்டு, 8-ஆம் வரியில் முதல் மாதத்துக்கான சூத்திரங்களை எழுதுங்கள்:

```
A8:  1
B8:  =B1
C8:  =ROUND(B8*$B$2/12,0)
D8:  =E8-C8
E8:  =MIN($B$4,B8+C8)
F8:  =B8-D8
```

9-ஆம் வரியில் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் மாறும்:

```
A9:  =A8+1
B9:  =F8
```

C8 முதல் F8 வரை உள்ளதை 9-ஆம் வரிக்கு நகலெடுத்து, பிறகு 9-ஆம் வரி முழுவதையும் 19-ஆம் வரி வரை கீழே இழுத்துவிட்டால் 12 மாதங்களும் நிரம்பிவிடும். டாலர் குறியிட்ட கட்டங்கள் இழுக்கும்போது நகராமல் நிற்கும். அந்தக் குறியை விட்டுவிட்டால் 9-ஆம் வரியிலிருந்தே தாள் தவறான கட்டத்திலிருந்து விகிதத்தை எடுக்கத் தொடங்கும். E நிரலில் உள்ள MIN, கடைசி மாதத்தில் பாக்கிக்கு மேல் ஒரு காசும் வசூலிக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறது.

எல்லாம் சரியாக அமைந்தால் உங்கள் திரையில் வர வேண்டிய எண்கள் இவை:

| மாதம் | தொடக்க நிலுவை | வட்டி | அசல் | தவணை | இறுதி நிலுவை |
|---|---|---|---|---|---|
| 1 | 1,20,000 | 1,800 | 9,202 | 11,002 | 1,10,798 |
| 2 | 1,10,798 | 1,662 | 9,340 | 11,002 | 1,01,458 |
| 3 | 1,01,458 | 1,522 | 9,480 | 11,002 | 91,978 |
| 4 | 91,978 | 1,380 | 9,622 | 11,002 | 82,356 |
| 5 | 82,356 | 1,235 | 9,767 | 11,002 | 72,589 |
| 6 | 72,589 | 1,089 | 9,913 | 11,002 | 62,676 |
| 7 | 62,676 | 940 | 10,062 | 11,002 | 52,614 |
| 8 | 52,614 | 789 | 10,213 | 11,002 | 42,401 |
| 9 | 42,401 | 636 | 10,366 | 11,002 | 32,035 |
| 10 | 32,035 | 481 | 10,521 | 11,002 | 21,514 |
| 11 | 21,514 | 323 | 10,679 | 11,002 | 10,835 |
| 12 | 10,835 | 163 | 10,835 | 10,998 | 0 |

வட்டி நிரலின் கீழே =SUM(C8:C19) என்று எழுதினால் 12,020 வரும். அசல் நிரலின் கூட்டுத்தொகை 1,20,000 ஆக இருக்க வேண்டும். கடைசிக் கட்டம் பூச்சியமாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்திவிட்டால் தாளை நம்பலாம்.

B நிரலின் சராசரியைப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெளிவாகும். 12 மாதத் தொடக்க நிலுவைகளின் சராசரி ஏறத்தாழ 66,770. அதாவது, பெயருக்கு 1,20,000 கடன் என்றாலும், ஆண்டு முழுவதையும் கணக்கில் எடுத்தால் உங்கள் கையில் சராசரியாக இருந்தது அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். 66,770-க்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்கள். அதே 12,020-க்கு அருகில்தான் வரும். முதலில் கடன் தருபவரின் 14,400 வட்டியும் ஏறத்தாழ இதே அளவு சராசரி நிலுவையின் மீதுதான் உண்மையில் வசூலாகிறது. அவர் அதை 1,20,000-ஆல் வகுத்து 12 சதவீதம் என்கிறார்.

ஃப்ளாட் விகிதத்தை உண்மையான விகிதமாக மாற்றுவது

இரண்டு கடன்களையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டுமானால், முதல் கடனின் தவணையை எடுத்துக்கொண்டு, குறைந்துவரும் நிலுவை முறையில் எந்த விகிதம் போட்டால் அதே தவணை வரும் என்று பின்னோக்கிக் கேட்க வேண்டும். இதற்கு RATE என்ற சூத்திரம் இருக்கிறது. எத்தனை தவணைகள், தவணை எவ்வளவு, கையில் வாங்கிய தொகை எவ்வளவு என்ற மூன்றை மட்டும் கொடுத்தால் போதும். கடன் தருபவர் சொன்ன வட்டி விகிதம் இதில் எங்குமே நுழைவதில்லை.

```
=RATE(12,-11200,120000)*12
```

விடை 21.46 சதவீதம். கட்டத்தைச் சதவீத வடிவில், இரண்டு தசம இடங்களோடு அமைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் 0.21 என்று மொட்டையாக நிற்கும். 12 சதவீதம் என்று சொல்லப்பட்ட கடன், 18 சதவீதக் கடனைவிட ஏறக்குறைய மூன்றரை சதவீதப் புள்ளிகள் விலை கூடியது என்பது இப்போது வெளிப்படை.

கணினி இல்லாத இடத்தில், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போட்டுப் பார்க்க ஒரு தோராயக் கணக்கும் உண்டு. ஃப்ளாட் விகிதத்தை மாதங்களின் இருமடங்கால் பெருக்கி, மாதங்களோடு ஒன்று கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். 12-ஐ 24-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் 22.15. உண்மை விடையைவிட இது சற்றுக் கூடுதலாகவே வரும். ஆனாலும் 12 என்று நம்பி உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட இது போதும்.

பிடித்தம் செய்யும் கட்டணம் முடிவைப் புரட்டிவிடலாம்

இதுவரை பார்த்ததை வைத்து 18 சதவீதக் கடனை எடுத்துவிடலாம் என்று தோன்றும். அதற்குமுன் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: உண்மையில் எவ்வளவு பணம் உங்கள் கணக்கில் வந்து சேரும்?

இரண்டாமவர் 2 சதவீதப் பரிசீலனைக் கட்டணத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொண்டு கொடுக்கிறார் என்றும், முதலில் கடன் தருபவரிடம் அப்படி எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். 1,20,000-க்கு 2 சதவீதம் 2,400. எனவே கைக்கு வருவது 1,17,600. ஆனால் தவணையோ முழு 1,20,000-க்கானதுதான். RATE சூத்திரத்தில் கடைசி எண்ணாக, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை விட்டுவிட்டு, கைக்கு வந்த தொகையைப் போடுங்கள்:

```
=RATE(12,-11002,117600)*12
```

விடை சுமார் 21.9 சதவீதம். வட்டி 12,020, கட்டணம் 2,400, ஆக மொத்தச் செலவு 14,420. முதலில் கடன் தருபவரின் 14,400-ஐவிட 20 கூடுதல். வெறும் 2 சதவீதம் என்று அலட்சியமாகத் தோன்றிய ஒன்று, ஆண்டு விகிதத்தில் ஏறத்தாழ 4 புள்ளிகளை ஏற்றிவிட்டது. காரணம், வட்டி ஓராண்டு முழுவதும் பரவிக் குறைந்துகொண்டே வருகிறது. கட்டணமோ முதல் நாளே முழுத்தொகையின் மீதும் விழுகிறது. அதுவும் கடன் காலம் குறுகக் குறுக இந்தத் தாக்கம் கூடும். ஐந்தாண்டுக் கடனில் 2 சதவீதக் கட்டணம் அவ்வளவாக உறுத்தாது. ஆறு மாதக் கடனில் அது பேரம் பேசியே தீர வேண்டிய விஷயம்.

கட்டணத்தின் மீதான வரி, ஆவணச் செலவு, கட்டாயமாக எடுக்கச் சொல்லும் காப்பீடு இவையெல்லாம் இதே வகைதான். முன்கூட்டியே பிடிக்கப்படும் ஒவ்வொன்றையும் கைக்கு வரும் தொகையிலிருந்து கழித்துவிட்டு RATE போடுங்கள். கடன் தருபவர் சொல்லும் விகிதத்தை ஒப்பிடுவதைவிட, இந்த ஒரே எண்ணை ஒப்பிடுவதே என் கணிப்பில் நேர்மையான வழி. இரண்டு கடன்களின் காலமும் வேறுபடும்போது மொத்த வட்டியை ஒப்பிடுவதைவிடவும் இது நம்பகமானது.

கடன் தருபவரின் தாளும் உங்கள் தாளும் ஒத்துப்போகாதபோது

தவணை அட்டவணையைக் கடன் வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் முதல் மாத வட்டி வரியைப் பார்த்தாலே, வட்டி மாதக் கணக்கிலா நாள் கணக்கிலா என்பது தெரிந்துவிடும். 1,800 என்று இருந்தால் ஆண்டை 12 சம மாதங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 31 நாள் மாதத்துக்கு 1,835 என்று இருந்தால், ஆண்டு வட்டியான 21,600-ஐ 365-ஆல் வகுத்து நாள்களால் பெருக்கியிருக்கிறார்கள். இந்த முறையில் 30 நாள் மாதத்துக்கு 1,775 வரும். 31 நாளுக்கு 1,860 என்று இருந்தால் 365-க்குப் பதிலாக 360-ஆல் வகுத்திருக்கிறார்கள். இந்தக் கடைசி முறையில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 18 சதவீதம் என்பது 18.25 சதவீதமாகிவிடுகிறது. சிறிய கடனில் இது பெரிய தொகையல்ல. ஆனால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குழம்புவதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது.

நாள் கணக்கு முறைக்குத் தாளை மாற்றுவது கடினமன்று. தவணைத் தேதிகளுக்கு G என்று ஒரு நிரலைச் சேர்த்து, G7-இல் பணம் கைக்கு வந்த தேதியையும் G8 முதல் ஒவ்வொரு தவணைத் தேதியையும் எழுதிவிட்டு, வட்டிச் சூத்திரத்தை இப்படி மாற்றினால் போதும்:

```
C8:  =ROUND(B8*$B$2*(G8-G7)/365,0)
```

இந்த முறையில் மாத வட்டி சற்று ஏறியிறங்கும். அதற்கேற்பக் கடைசித் தவணை சிறிது மாறுபடும். 12-ஆம் மாதத்தின் முடிவில் சிறு பாக்கி நின்றால் அது அந்த வேறுபாடுதான். கடன் தருபவர்கள் அதைக் கடைசித் தவணையோடு சேர்த்து வசூலிப்பார்கள்.

இன்னொரு வேறுபாடு முதல் தவணைக்கு முன்பே எழும். பணம் ஒரு மாதத்தின் 10-ஆம் தேதி கைக்கு வருகிறது, ஆனால் தவணைக் கணக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதிதான் தொடங்குகிறது என்றால், இடைப்பட்ட நாள்களுக்குத் தனியாக வட்டி பிடிப்பார்கள். நம் கடனுக்கு நாள் ஒன்றுக்கு வட்டி 59 சொச்சம். அது 30 நாள் மாதமானால் 21 நாள்களுக்கு சுமார் 1,243. இதைக் கட்டணம் என்று எண்ணிச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அந்த நாள்களில் பணம் உங்களிடம்தான் இருந்தது. அதே நாள்கள் முதல் மாத வட்டியிலும் மறுபடி எண்ணப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதியிலேயே கடனை முடித்தால்

ஆறாவது தவணை கட்டிய கையோடு ஒரு பெரிய ஆர்டருக்கான பணம் வந்துவிட்டது, கடனை முடித்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். குறைந்துவரும் நிலுவை முறையில் விடை உங்கள் தாளிலேயே இருக்கிறது: ஆறாம் மாத இறுதி நிலுவை 62,676. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஃப்ளாட் கடனில்தான் சிக்கல். மீதமுள்ள ஆறு தவணைகளையும் அப்படியே கட்டுங்கள் என்று சொல்லப்பட்டால் தொகை 67,200. அப்படிக் கட்டினால் ஓராண்டுக்கான வட்டியை அரையாண்டிலேயே முழுவதும் கொடுத்தவராகிறீர்கள். உண்மையான ஆண்டு விகிதம் 29 சதவீதத்தைத் தாண்டிவிடும். வேறு சிலர் மாத எண்களின் கூட்டுத்தொகையை வைத்து வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வார்கள். 1 முதல் 12 வரை கூட்டினால் 78. மீதமுள்ள ஆறு மாதங்களுக்கு 6 முதல் 1 வரை கூட்டினால் 21. ஆகவே 14,400-இல் 78-க்கு 21 பங்கு, அதாவது 3,877 தள்ளுபடியாகி, கட்ட வேண்டியது 63,323. ஒரே கடனுக்கு, ஒரே நாளில், இரண்டு முறைகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 3,900 வேறுபாடு. எந்த முறை என்பதைக் கடனை முடிக்கப் போகும் நாளில் கேட்டுப் பயனில்லை. கையெழுத்துப் போடும் முன்பே, ஆறாம் மாதம் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டு, அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தவணையும் தொழிலின் கணக்கும்

தொழில் கணக்கில் முழுத் தவணையையும் செலவாக எழுதிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. முதல் மாதம் கட்டும் 11,002-இல் வட்டியான 1,800 மட்டுமே செலவு. 9,202 என்பது கடன் பொறுப்பைக் குறைக்கும் வரவுசெலவு, லாப நட்டக் கணக்கில் அதற்கு இடமில்லை. தாளின் C, D நிரல்களைத் தனித்தனியே வைத்திருப்பதன் பயன் இங்கேதான் தெரியும்: மாதந்தோறும் அந்த இரண்டு எண்களை அப்படியே கணக்குப் புத்தகத்துக்கு எடுத்து எழுதிவிடலாம்.

ஆனால் இந்தப் பிரிவினைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு தொழிலில் எல்லா நடப்புச் செலவுகளும் போக, கடனுக்கு முன் மாதம் 10,500 ரொக்கம் மிஞ்சுகிறது என்று கொள்வோம். முதல் மாத வட்டியைக் கழித்தால் 8,700 லாபம். கணக்குப் புத்தகம் ஆரோக்கியமாகவே தெரியும். கையிருப்பிலோ 502 பற்றாக்குறை, ஏனெனில் வெளியே போவது 11,002. வட்டி குறையக் குறைய லாபம் மாதாமாதம் உயர்ந்துகொண்டே போகும். பற்றாக்குறை மட்டும் அதே 502-ஆக ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும். ஆண்டு முடிவில் கையிலிருந்து 6,020 போயிருக்கும். அதனால், கடனைத் தாங்க முடியுமா என்று பார்க்கும்போது லாபத்தைப் பார்க்க வேண்டாம். மிஞ்சும் ரொக்கத்தை B4-ஓடு ஒப்பிடுங்கள்.

இங்கே B3-இல் 12-ஐ 18 என்று மாற்றி, வரிகளை 25 வரை இழுத்துப் பாருங்கள். வட்டிக் கூட்டுத்தொகையை 26-ஆம் வரியில் =SUM(C8:C25) என்று புதிதாக எழுத வேண்டும். தவணை 7,657-ஆக இறங்கிவிடும். மாதம் 2,843 கையில் மிஞ்சும். மொத்த வட்டி சுமார் 17,820-ஆக உயரும். அதாவது மாதத்துக்கு 3,345 இளைப்பாறலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 5,800. வசூல் ஒழுங்காக வரும் தொழிலுக்கு இது வீண் செலவு. வாடிக்கையாளர் பணம் 45 நாள், 60 நாள் இழுக்கும் தொழிலுக்கு, ஒரு தவணை தவறினால் விழும் அபராதத்தையும் அடுத்த கடனுக்குக் கெடும் பெயரையும் நினைத்தால், இது கொடுக்கத் தகுந்த விலை என்பேன்.

தவணைத் தேதியையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பெரிய வசூல் மாதத்தின் 7-ஆம் தேதிக்கு மேல்தான் வருகிறது என்றால், 5-ஆம் தேதித் தவணையை ஒப்புக்கொள்ளாமல் 10-ஆம் தேதியைக் கேளுங்கள். நாள் கணக்கு முறையில் அந்த ஐந்து நாள்களுக்கு முதல் மாதம் மட்டும் 296 வட்டி கூடும். கடன் ஆவணம் தயாராகும் முன் கேட்டால் இதைப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தானியங்கிப் பிடித்தம் தொடங்கிய பிறகு மாற்றுவதற்குத் தனி விண்ணப்பமும் சில இடங்களில் தனிக் கட்டணமும் தேவைப்படும்.